பெட் பிளக் உருகிய இரவு: ஒரு 3டி பிரிண்டர் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோவையில் நண்பர் ஒருவர் சிறிய பட்டறை வைத்திருக்கிறார். பம்ப் பாகங்களுக்கான மாதிரி அச்சுகளை 3டி பிரிண்டரில் அடித்து வார்ப்படக் கடைகளுக்குக் கொடுப்பது தொழில். இயந்திரங்கள் இரண்டு. இரண்டும் ஒரே வகை, ஒரே மாதத்தில் வாங்கி அவரே பூட்டியவை, 12 வோல்ட்டில் ஓடுபவை. நான்கு வருடமாகப் பெரிய தொந்தரவு இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. பழுது வந்தால் பார்த்துக்கொடுப்பது நான்.

இந்த இயந்திரங்களின் அமைப்பில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பொருள் ஒட்டி நிற்கும் சூடான தட்டை எல்லோரும் பெட் என்றுதான் சொல்வோம். 20 சென்டிமீட்டர் சதுரம், மின்தடை சுமார் 1.1 ஓம். 12 வோல்ட் கொடுத்தால் கிட்டத்தட்ட 11 ஆம்பியர் இழுக்கும். பிரிண்ட் ஓடும்போது இந்தத் தட்டு முன்னும் பின்னும் போய்வந்துகொண்டே இருக்கும். அந்த 11 ஆம்பியரும் தட்டின் பின்விளிம்பில் செருகிய ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பிளக் வழியாகத்தான் போகிறது. பிளக் தட்டோடு சேர்ந்து ஆடுகிறது. ஒயரின் மறுமுனை போர்டில் ஸ்க்ரூ டெர்மினலில் மாட்டியிருக்கிறது. சிக்கல் வந்தது இந்த இரண்டு இடங்களில்தான்.

முதலில் தெரிந்தவை

ஐப்பசி மழை தொடங்கிய நேரம். முதல் இயந்திரத்தின் பெட் 60 டிகிரிக்கு வர முன்பு ஆறு நிமிடம் ஆகும், இப்போது பத்து நிமிடம் ஆகிறது என்று பட்டறைப் பையன் கவனித்திருக்கிறான். நண்பரிடம் சொல்லவும் செய்தான். "அண்ணா, மழைக்கு ஈரமா குளிரா கெடக்குதுங்க, அதான் சூடேற நேரமாகுதுங்க" என்று காரணத்தையும் அவனே சொல்லிவிட்டான். நண்பரும் சரி என்று விட்டுவிட்டார். பெட்டுக்கு அடியில் ஒட்ட வெப்பத்தடுப்புப் பஞ்சு ஒன்று வாங்கினார்கள். அதை ஒட்டியதும் ஒரு நிமிடம் குறைந்தது. அதனால் அந்த விளக்கம் இன்னும் உறுதியாகிவிட்டது.

அடுத்த வாரம் இயந்திரம் தானாக நின்றது. திரையில் HEATING FAILED. அதில் ஓடுவது மார்லின் நிரல். பெட்டைச் சூடேற்றச் சொன்ன பிறகு 60 வினாடிக்குள் வெப்பம் 2 டிகிரியாவது ஏறவில்லை என்றால் அது இயந்திரத்தை நிறுத்திவிடும். பையன் விவரமானவன், நிரலைத் திறந்து திருத்தத் தெரிந்தவன். 60 என்றிருந்ததை 180 ஆக்கினான். சில நாள் கழித்து பிரிண்ட் பாதியில் THERMAL RUNAWAY என்று நின்றது. வெப்பம் இலக்கிலிருந்து 2 டிகிரிக்கு மேல் இறங்கி 20 வினாடி அங்கேயே கிடந்தால் வரும் எச்சரிக்கை அது. அந்த 2 ஐயும் 10 ஆக்கினான். பிறகு இயந்திரம் நிற்கவில்லை. வேலையும் ஓடியது.

அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெப்பம் உண்மையில் மெதுவாகத்தான் ஏறிக்கொண்டிருந்தது. இயந்திரம் அவசரப்பட்டு நிற்கிறது என்று அவன் நினைத்ததில் அவனளவில் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு எச்சரிக்கைகளும் சரியான நேரத்தில் வந்த சரியான எச்சரிக்கைகள். கோளாறைத் தேடாமல் எச்சரிக்கையைத் தளர்த்தியதுதான் இந்த நிகழ்வின் திருப்பம்.

இடையில் ஒரு நாள் போர்டுப் பக்கம் ஸ்க்ரூ தளர்ந்திருப்பதைப் பார்த்து நண்பரே முறுக்கி இறுக்கினார். உடனே நன்றாகச் சூடேறியது. இரண்டு வாரத்தில் பழையபடி ஆகிவிட்டது. அந்த ஒயர் முனையில் ஈயம் பூசியிருந்தது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அந்த இரவு

ஒன்பது மணி நேரம் ஓட வேண்டிய இம்பெல்லர் அச்சு ஒன்று போட்டிருந்தார்கள். இரவு ஏழு மணிக்குக் கடை சாத்தும் நேரத்தில் கருகிய வாடை. வெளியே யாரோ பிளாஸ்டிக் எரிக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்திருக்கிறார்கள். பையன் திரையைப் பார்த்தபோது 60 இருக்க வேண்டிய இடத்தில் 51. குனிந்து பார்த்தால் பெட்டின் பின்பக்க பிளக் பழுப்பாகி, ஒரு மூலை மெழுகு போல இளகித் தொங்குகிறது. சன்னமாகப் புகை.

நண்பர் செய்த முதல் காரியம் சரியானது. திரையில் மெனுவைத் தேடிக்கொண்டிருக்காமல் சுவரில் சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்கினார். மெனுவில் பெட்டை அணைத்தாலும் போதாது. இந்த வகைப் போர்டுகள் பலவற்றில் பெட்டுக்குப் போகும் பாசிட்டிவ் ஒயரில் எப்போதும் 12 வோல்ட் இருக்கும், நெகட்டிவ் பக்கத்தைத்தான் போர்டு திறந்து மூடும். உருகிய பிளக்குக்குள் அந்தப் பாசிட்டிவ் ஒயர் வெப்பம் அளக்கும் ஒயரைத் தொட்டுவிட்டால் மெனு எதையும் தடுக்காது. சூடாக இருக்கும்போது பெட்டின் பிளக்கை இழுக்கவும் இல்லை. அதுவும் நல்லது. அரை மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார்.

நான் சொன்னது ஒன்றுதான்: மறுபடி மின்சாரம் கொடுத்துப் பார்க்க வேண்டாம், இரண்டாவது இயந்திரத்தையும் நிறுத்திவிடுங்கள்.

பிரித்துப் பார்த்தபோது

மறுநாள் காலை மின்சாரம் பிடுங்கிய நிலையிலேயே பிரித்தோம். அந்த பிளக்கில் ஆறு கம்பிகள்: பாசிட்டிவுக்கு இரண்டு, நெகட்டிவுக்கு இரண்டு, வெப்பம் அளக்கும் தெர்மிஸ்டருக்கு இரண்டு. பாசிட்டிவ் கம்பிகளில் ஒன்று கறுத்துப்போய், அதைப் பிடிக்க வேண்டிய உள் கிளிப் விரிந்து வாய் பிளந்து கிடந்தது. கம்பியை விரலால் ஆட்டினால் ஆடியது. பக்கத்துக் கம்பியின் மேல் நீலமும் பழுப்புமாகச் சூட்டு நிறம். நெகட்டிவ் கம்பிகள் மட்டும் ஓரளவு பளபளப்பாக இருந்தன. எல்லாம் சேர்ந்து எரியவில்லை, ஒரு கம்பி தளர்ந்து தன் பங்கைப் பக்கத்தில் இருப்பதன் மேல் தள்ளியிருக்கிறது என்று இதிலிருந்து தெரிந்தது.

ஒயரைத் தோல் சீவிப் பார்த்தோம். பிளக்குக்குப் பின்னால் இரண்டு சென்டிமீட்டர் வரை செம்பு கறுத்திருந்தது, இழைகளில் நாலைந்து அறுந்திருந்தன. நான்கு வருடமாகத் தட்டு ஆடிய ஆட்டம் முழுவதையும் அந்த இரண்டு சென்டிமீட்டர்தான் வாங்கியிருக்கிறது. ஒயரை எங்கேயும் பிடித்துக் கட்டவில்லை.

போர்டுப் பக்கத்தில் பச்சை டெர்மினல் லேசாக மஞ்சள் பாரித்திருந்தது. ஸ்க்ரூவைத் தொட்டதும் சுற்றியது. ஒயர் முனையில் ஈயம் பூசித் திடமாக்கி உள்ளே நுழைத்திருந்தார்கள். பார்க்க நேர்த்தியாகத்தான் இருக்கும். ஆனால் ஈயம் அழுத்தத்துக்கு மெல்ல மெல்ல விலகிக்கொடுக்கும் உலோகம், சூட்டில் இன்னும் வேகமாக விலகும். இன்று இறுக்கிய ஸ்க்ரூ சில வாரத்தில் தானாகத் தளர்ந்ததற்கு இதுதான் காரணம். நண்பர் இறுக்கியது இரண்டு வாரம் மட்டும் தாங்கியதற்கு விளக்கம் கிடைத்துவிட்டது.

தெர்மிஸ்டர் பிழைத்ததா என்றும் பார்த்தோம். உருகும் பிளக்கில் 12 வோல்ட் கம்பி தெர்மிஸ்டர் கம்பியைத் தொட்டிருந்தால் போர்டே போயிருக்கும். பெட் ஆறியிருந்த அந்தக் காலையில் மல்டிமீட்டர் 80 கிலோ ஓமுக்குப் பக்கத்தில் காட்டியது. 25 டிகிரியில் 100 கிலோ ஓம் இருக்கும் தெர்மிஸ்டருக்கு 30 டிகிரியில் இது சரியான அளவுதான். பெட்டின் மின்தடையும் 1.1 ஓம் அளவில் இருந்தது.

ஃப்யூஸ் ஏன் போகவில்லை

நண்பர் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி இது. "இவ்வளவு எரிஞ்சிருக்கு, ஒரு ஃப்யூஸ்கூட போகலையே?"

போகாது. ஷார்ட் சர்க்யூட்டில் மின்னோட்டம் எகிறும், அதனால் ஃப்யூஸ் போகும். லூஸ் கான்டாக்ட்டில் நடப்பது நேர்மாறு. தளர்ந்த இடம் ஒரு கூடுதல் மின்தடை. அதனால் மின்னோட்டம் குறைகிறது. கணக்கு போட்டுப் பார்க்கலாம். 1.1 ஓம் பெட்டுக்கு 12 வோல்ட் என்றால் 10.9 ஆம்பியர், 130 வாட் சூடு. வழியில் வெறும் 0.3 ஓம் சேர்ந்தால் மின்னோட்டம் 8.6 ஆம்பியராகிவிடும். பெட்டுக்குக் கிடைப்பது 81 வாட். மீதியில் 22 வாட் அந்தத் தளர்ந்த இடத்தில் வெளிப்படுகிறது. சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்றை பிளாஸ்டிக் பிளக்குக்குள் சொருகி வைத்த மாதிரி. ஃப்யூஸுக்கோ 12 வோல்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கோ இது வழக்கத்தைவிடக் குறைந்த சுமைதான்.

இன்னொன்றும் நடக்கிறது. நல்ல நிலையில் 60 டிகிரியைத் தக்கவைக்க பெட்டுக்கு முழு நேரமும் மின்சாரம் தேவையில்லை, போர்டு விட்டு விட்டுத்தான் கொடுக்கும். அந்த இடைவெளியில் பிளக்கும் கொஞ்சம் ஆறும். பெட்டுக்குப் போகும் சக்தி குறையக் குறைய, போர்டு அந்த இடைவெளியைச் சுருக்கிக்கொண்டே வருகிறது. கடைசியில் இடைவெளியே இல்லாமல் போகிறது. பிளக் எப்போது பலவீனமாகிறதோ அப்போதிலிருந்து அதற்கு ஓய்வும் இல்லை. சூட்டில் கிளிப்பின் இறுக்கம் போகும், செம்பு கறுக்கும், மின்தடை ஏறும், அதனால் சூடு இன்னும் ஏறும்.

நிரலுக்கும் பிளக் தெரியாது. அதற்குத் தெரிவது தெர்மிஸ்டர் இருக்கும் ஒரே புள்ளியின் வெப்பம்தான். பிளக் 150 டிகிரியில் இருந்தாலும் பெட் 60 இல் இருந்தால் அதற்கு எல்லாம் நலம். அதன் எச்சரிக்கை வரும்போது கோளாறு முற்றியிருக்கும். அந்தக் கடைசி வேலியைத்தான் நாம் தளர்த்தியிருந்தோம்.

இரண்டாவது இயந்திரம்

எரிந்ததை அளந்து பயனில்லை, அளப்பதற்காக அதற்கு மின்சாரம் கொடுப்பதும் தவறு. ஆனால் இரண்டாவது இயந்திரம் வெளிப்பார்வைக்கு நன்றாக இருந்தது. பிளக் வெள்ளையாகவே இருந்தது, வாடை இல்லை. அதை ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்று அளந்தோம். நால்வர் பார்த்துக்கொண்டிருக்க, பத்து நிமிடத்துக்கு மட்டும்.

மல்டிமீட்டரில் ஓம் வைத்து இதை அளக்க முடியாது. மீட்டரின் சொந்த ஒயர்களே 0.2, 0.3 ஓம் காட்டும், நாம் தேடுவது அதைவிடச் சின்னது. அதனால் டிசி வோல்ட்டில் வைத்து, மின்னோட்டம் ஓடும்போது இணைப்பின் இந்தப் பக்கம் ஒரு முனை, அந்தப் பக்கம் ஒரு முனை வைக்க வேண்டும். ஆறிய பெட்டைச் சூடேற்றத் தொடங்கிய முதல் சில நிமிடங்களில் அளக்க வேண்டும். அப்போதுதான் போர்டு விட்டு விட்டுக் கொடுக்காமல் முழுதாகக் கொடுத்துக்கொண்டிருக்கும். முனை நழுவிப் பக்கத்துக் கம்பியைத் தொட்டால் ஷார்ட் ஆகிவிடும் என்பதால் முனைகளின் நுனியைத் தவிர மற்றதை டேப்பால் சுற்றிக்கொண்டோம். 230 வோல்ட் வரும் எஸ்எம்பிஎஸ் இடது முனைகளை அட்டை வைத்து மூடினோம். பெட்டையே 230 வோல்ட்டில் சூடேற்றும் இயந்திரங்களும் உண்டு. இந்தச் சோதனையை அவற்றில் செய்யவே கூடாது.

எஸ்எம்பிஎஸ்ஸில் 12.1 வோல்ட். பெட்டின் சால்டர் புள்ளிகளில் 10.9. வழியில் 1.2 வோல்ட் காணவில்லை. தேடியபோது பிளக்கின் பாசிட்டிவ் பக்கத்தில் மட்டும் 0.45 வோல்ட், நெகட்டிவ் பக்கத்தில் 0.1, போர்டு டெர்மினலில் 0.2. மீதி ஒயர்களிலும் போர்டுக்குள்ளும். ஓடியது 9.9 ஆம்பியர் என்பதால் அந்த பாசிட்டிவ் பக்கத்தில் நாலரை வாட் சூடு. கண்ணுக்கு நன்றாக இருந்த பிளக் அது. அணைத்துவிட்டுத் தொட்டபோது விரலை வைத்திருக்க முடியவில்லை. நல்ல இணைப்பில் இந்த மின்னோட்டத்துக்கு 0.02, 0.03 வோல்ட்டுக்கு மேல் தொலையக் கூடாது.

மழைதான் காரணம் என்ற பேச்சு அங்கேயே முடிந்தது.

மாற்றிய விதம்

அதே மாதிரி பிளக்கை வாங்கிப் போடலாமா என்று நண்பர் கேட்டார். கடையில் நாற்பது ரூபாய்க்குக் கிடைக்கும். வேண்டாம் என்றேன். அது ஆடும் இடத்தில் இருப்பதுதான் பிரச்சினை, புதியதும் நாலு வருடத்தில் அங்கேயே வந்து நிற்கும். எரிந்த பிளக்கின் ஓட்டில் புதிய கிளிப் மட்டும் போடுவது அதைவிட மோசம். கருகிய பிளாஸ்டிக் கரி, கரியில் மின்சாரம் கசியும்.

எடுத்த முடிவு இதுதான். ஆடும் தட்டில் பிளக்கே இருக்கக் கூடாது. பெட்டில் நேரடியாக ஒயரைச் சால்டர் செய்து, தட்டின் விளிம்பிலேயே ஒயரைப் பிடித்துக் கட்டி, கழற்றி மாட்டும் இணைப்பை ஆடாத சட்டத்தில் வைப்பது.

ஒயருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் சிலிக்கான் உறை போட்டது எடுத்தோம். மெல்லிய இழைகள் நிறைய இருப்பதால் வளைவைத் தாங்கும், சூட்டுக்கு உறை இளகாது. கறுத்த பழைய ஒயரை மொத்தமாகக் கழித்தோம். கறுத்த செம்பில் சால்டர் பிடிக்காது, கிரிம்ப் செய்தாலும் நல்ல தொடர்பு வராது.

பெட்டில் சால்டர் செய்வதுதான் பொறுமையைச் சோதித்தது. அலுமினியத் தட்டு சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 25 வாட் அயர்னில் ஈயம் உருண்டையாக நின்றதே தவிர ஒட்டவில்லை. தோசைக்கல்லில் வைத்துச் சூடாக்கலாமே என்று பையன் சொன்னான். சிரித்தாலும் யோசனை சரியான திசையில்தான் இருந்தது. ஹீட் கன்னால் அந்த மூலையை இதமாகச் சூடாக்கி, 80 வாட் அயர்னைப் பட்டையான முனையோடு வைத்ததும் ஈயம் தண்ணீர் போலப் பரவி ஒட்டியது. ஈயம் உருண்டு நிற்காமல் ஓரத்தில் சரிந்து பளபளவென்று படிந்தால்தான் கணக்கு. ஒயரைப் பிடிக்க அலுமினியக் கிளாம்ப். பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் அடித்த கிளாம்ப் 60 டிகிரியில் இளகும்.

சட்டத்தில் எக்ஸ்டி60 இணைப்பு வைத்தோம், டிரோன் பேட்டரிகளில் வரும் மஞ்சள் இணைப்பு. 30 ஆம்பியரைத் தொடர்ந்து தாங்கும், நமக்குப் போவது 11. துளை உள்ள பாதியை மின்சாரம் வரும் பக்கத்தில் வைக்க வேண்டும், அப்போதுதான் கழற்றிய பிறகு வெறும் கம்பி நீட்டிக்கொண்டிருக்காது. சால்டர் செய்யும்போது இரண்டு பாதிகளையும் செருகி வைத்துக்கொண்டால் சூட்டில் கம்பிகள் கோணாது. இதை மின்சாரம் ஓடும்போது பிடுங்கக் கூடாது, பொறி பறந்து கம்பி முனை கருகும்.

போர்டில் மஞ்சளித்த டெர்மினலைச் சால்டர் எடுத்துக் கழற்றி, அடியில் தாமிரத் தடம் கருகவில்லை என்று பார்த்த பிறகு புதியது போட்டோம். இங்கே ஒயர் முனையில் ஈயம் இல்லை. ஃபெரூல் என்ற சின்ன செம்புக் குழாயை மாட்டி கிரிம்பிங் டூலால் அழுத்தினோம். மூக்குக் குறடால் நசுக்கினால் போதாது, பிடித்து இழுத்தால் உருவிக்கொண்டு வரும். நாங்கள் செய்த ஒவ்வொன்றையும் நன்றாக இழுத்துப் பார்த்தோம். ஒன்று வந்துவிட்டது, மறுபடி செய்தோம்.

பெட்டை மாட்டுவதற்கு முன் இன்னொரு சோதனை. போர்டில் பெட்டுக்கு மின்சாரத்தைக் கொடுத்து நிறுத்துவது மாஸ்ஃபெட். அது சூட்டில் கெட்டால் பெரும்பாலும் மின்சாரத்தை விட்டுக்கொண்டே இருக்கும், பெட்டை அணைக்கவே முடியாது. எக்ஸ்டி60 கழன்ற நிலையில் மின்சாரம் கொடுத்து, வெறும் மீட்டர் ஏமாற்றாமல் இருக்க ஒரு 12 வோல்ட் பைக் பல்பைப் போர்டின் பெட் முனைகளில் கட்டினோம். சூடேற்றச் சொல்லாதவரை பல்ப் எரியவில்லை. சூடேற்றச் சொன்னதும் எரிந்தது. மாஸ்ஃபெட் நலம்.

நிரலில் மாற்றியதைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தோம்:

```
#define THERMAL_PROTECTION_BED_PERIOD 20
#define THERMAL_PROTECTION_BED_HYSTERESIS 2
#define WATCH_BED_TEMP_PERIOD 60
#define WATCH_BED_TEMP_INCREASE 2
```

அது வேலை செய்கிறதா என்றும் பார்த்தோம். எல்லாம் அணைத்திருக்கும்போது எக்ஸ்டி60ஐக் கழற்றிவிட்டு, மின்சாரம் கொடுத்து `M140 S60` அனுப்பினோம். பெட்டுக்கு மின்சாரமே போகாததால் வெப்பம் ஏறவில்லை. ஒரு நிமிடம் கடந்ததும் இயந்திரம் எச்சரிக்கை காட்டி நின்றது.

பிறகு

அளந்தபோது பெட் புள்ளிகளில் 11.8 வோல்ட். 108 வாட் வாங்கிக்கொண்டிருந்த இரண்டாவது இயந்திரம் இப்போது 126 வாட் வாங்கியது. எக்ஸ்டி60இல் இரு பக்கமும் சேர்த்து 0.02 வோல்ட். 60 டிகிரிக்கு ஐந்தரை நிமிடம். ஒரு மணி நேரம் சும்மா சூடாக வைத்துவிட்டு அணைத்துத் தொட்டால் இணைப்பு உள்ளங்கைச் சூட்டில்தான் இருந்தது. முதல் இயந்திரத்திலும் அதே வேலையைச் செய்தோம். ஒரு வாரம் ஓடிய பிறகு ஸ்க்ரூக்களை ஒருமுறை இறுக்கினோம், புதிய செம்பு முதல் சில சூட்டில் கொஞ்சம் படிந்து அமரும்.

அடுத்த முறை மாற்றுவது

ஆறு நிமிடம் பத்தான அன்றே நிறுத்தியிருக்க வேண்டும். அதற்கு வழி இல்லாமல் போனது, யாரும் எழுதி வைக்காததால்தான். இப்போது இரண்டு இயந்திரத்துக்கும் சுவரில் ஒரு தாள் தொங்குகிறது. மாதம் ஒருமுறை ஆறிய பெட் 60 டிகிரிக்கு வர ஆன நேரமும், டெர்மினலில் தொலைந்த வோல்ட்டும் அதில் ஏறும். நிரல் எண்களை யாரும் தனியாக மாற்றுவதில்லை. அறையில் புகை அலாரம் மாட்டியாயிற்று. ஆளில்லாமல் இரவில் ஓட்டுவதை நண்பர் இன்னும் முழுதாக விடவில்லை, அதில் எனக்கும் அவருக்கும் பேச்சு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

பிளாஸ்டிக்கை உருக்கும் ஹாட் எண்டின் ஹீட்டர் ஒயரை நான் அன்று பார்க்கவில்லை. அதில் ஓடுவது 3 ஆம்பியர் சொச்சம்தான் என்ற அலட்சியம். அதுவும் ஆடும் ஒயர், அதன் பிளக்கும் சின்னது. இரண்டு மாதம் கழித்துத் திறந்தபோது முதல் இயந்திரத்தில் ஒரு கம்பி பழுப்பாகத் தொடங்கியிருந்தது.

நான்காவது மாதத் தாளில் இரண்டாவது இயந்திரத்தின் டெர்மினலுக்கு 0.06 என்று பையன் எழுதியிருந்தான். எனக்குப் போன் செய்யாமல், பிளக்கைப் பிடுங்கி, ஸ்க்ரூவைக் கால் சுற்று இறுக்கி, மறுபடி அளந்து, பக்கத்தில் 0.03 என்று எழுதி வைத்திருக்கிறான்.